இராகு காலம்: ஒன்றரை மணிக் கணக்கா, எட்டில் ஒரு பங்கா? மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் எது பொருந்தும்

புதன்கிழமை இராகு காலம் எத்தனை மணிக்கு என்று கேட்டால் நம்மில் பெரும்பாலானோர் யோசிக்காமலே "12 முதல் 1.30" என்போம். சுவரில் தொங்கும் நாட்காட்டியும் அதையே சொல்லும். ஆனால் 2026 பெப்ரவரி 11, புதன்கிழமை, மட்டக்களப்பில் அது 12.17க்குத்தான் தொடங்குகிறது. அதே ஆண்டு நவம்பர் 4, அதுவும் புதன்கிழமை, 11.47க்கே தொடங்கிவிடுகிறது. ஒரே ஊர், ஒரே கிழமை, அரை மணி நேர வித்தியாசம். வீட்டுக்கு நிலை வைக்கவோ கடை திறக்கவோ நாள் வைத்துவிட்டு, நேரத்தை மட்டும் நாட்காட்டியின் ஓரத்தில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இந்த அரை மணி நேரம் சிறிய விஷயம் அல்ல.

நேரம் குறிக்க நம் கையில் நான்கு வழிகள் இருக்கின்றன: மாறாத ஒன்றரை மணி அட்டவணை, உதயத்திலிருந்து ஒன்றரை மணியாக எண்ணுவது, உதயத்துக்கும் அத்தமனத்துக்கும் இடைப்பட்ட பகலை எட்டாகப் பிரிப்பது, வேறு ஊருக்குக் கணித்த பஞ்சாங்கத்தை அல்லது கைபேசிச் செயலியை நம்புவது. எது எப்போது போதும், எது எங்கே காலை வாரும் என்பதைப் பார்ப்போம்.

எல்லா வழிக்கும் அடிப்படை ஒன்றே

சூரிய உதயம் முதல் அத்தமனம் வரையுள்ள பகலை எட்டுச் சம பங்காக்கி, கிழமைக்கு ஒரு பங்கை இராகு காலமாக வைத்திருக்கிறார்கள். திங்களுக்கு 2ஆம் பங்கு, சனிக்கு 3, வெள்ளிக்கு 4, புதனுக்கு 5, வியாழனுக்கு 6, செவ்வாய்க்கு 7, ஞாயிறுக்கு 8. "திருவிழா சந்தையில் வெளியில் புகுந்து விளையாடச் செல்வது ஞாயமா" என்று பெரியவர்கள் சொல்லித்தரும் வரியில் இந்த வரிசைதான் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு கிழமை, இரண்டாம் பங்கிலிருந்து எண்ணிக்கொள்ள வேண்டும்.

எமகண்டத்துக்கு வரி தேவையில்லை. வியாழனுக்கு முதற் பங்கு என்று வைத்துக் கிழமைகளைப் பின்னோக்கி எண்ணினால் புதன் 2, செவ்வாய் 3, திங்கள் 4, ஞாயிறு 5, சனி 6, வெள்ளி 7 என்று வந்துவிடும். குளிகையும் அப்படித்தான், சனிக்கு முதற் பங்கு, வெள்ளி 2, வியாழன் 3, இப்படியே ஞாயிறு 7 வரை. கௌரி பஞ்சாங்கத்தின் பகல் வேளைகளும் இதே எட்டு எல்லைகளில்தான் மாறுகின்றன. ஆகவே எல்லைகளை ஒரு தடவை சரியாகக் கண்டுவிட்டால் எல்லாமே சரியாகும். பிழைத்தால் எல்லாமே சேர்ந்து பிழைக்கும்.

பழைய கணக்கில் பகல் 30 நாழிகை. எட்டால் பிரித்தால் ஒரு பங்கு 3¾ நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடமாக 90 நிமிடம். "ஒன்றரை மணி" வந்தது இங்கிருந்துதான். பகல் சரியாக 30 நாழிகையாக இருந்து, உதயமும் சரியாக 6.00க்கு நிகழும் நாளில் அந்த அட்டவணை முழு உண்மை. நம் ஊரில் அப்படி ஒரு நாள் எப்படி அமைகிறது என்பதில்தான் சிக்கல்.

நம் ஊரில் பகல் எப்படி நடந்துகொள்கிறது

எழுவான்கரை, படுவான்கரை என்று சூரியன் எழுகிற பக்கத்தையும் படுகிற பக்கத்தையும் வைத்தே ஊருக்குப் பெயரிட்ட மண் இது. அந்தச் சூரியன் மணிக்கூட்டோடு எப்படி ஒத்துப்போகிறது என்று பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும்.

நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில், ஏறத்தாழ 7.7 பாகை வடக்கில் இருக்கிறோம். அதனால் பகலின் நீளம் அதிகம் மாறுவதில்லை. டிசம்பர் 21 வாக்கில் 11 மணி 40 நிமிடம், ஜூன் 21 வாக்கில் 12 மணி 34 நிமிடம். எட்டால் பிரித்தால் ஒரு பங்கு 87½ நிமிடத்துக்கும் 94¼ நிமிடத்துக்கும் இடையில் நிற்கும். 90லிருந்து மூன்று நான்கு நிமிடந்தான் வித்தியாசம். இதை மட்டும் பார்த்து "ஒன்றரை மணிக் கணக்கே போதும்" என்று முடிவுகட்டுகிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

நீளம் அதிகம் மாறாவிட்டாலும் பகல் முழுவதுமே மணிக்கூட்டின் மேல் முன்னும் பின்னும் நகர்கிறது. சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தைப் பாருங்கள். பெப்ரவரி நடுப்பகுதியில் 12.17, நவம்பர் தொடக்கத்தில் 11.47. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் அல்ல, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டினாலும் சூரியன் மணிக்கூட்டை விட ஒரு காலத்தில் 14 நிமிடம் வரை பிந்தியும் இன்னொரு காலத்தில் 16 நிமிடம் வரை முந்தியும் உச்சிக்கு வருகிறது. இதோடு இடத்தின் கணக்கு ஒரு சிறு பங்கு சேரும். இலங்கை நேரம் 82½ பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது. அந்தக் கோடு நம் கரைக்கும் அப்பால், கடலின் மேல் போகிறது. மட்டக்களப்பு நகரம் 81.7 பாகையில் இருப்பதால் நமக்கு 3 நிமிடம் பிந்துகிறது.

இதன் பலனாக உதயம் மே கடைசியில் 5.45 வாக்கிலும் பெப்ரவரி தொடக்கத்தில் 6.23 வாக்கிலும் நிகழ்கிறது. அத்தமனம் நவம்பர் நடுவில் 5.41, ஜூலை நடுவில் 6.25. பெப்ரவரியையும் நவம்பர் தொடக்கத்தையும் ஒப்பிட்டால் பகலின் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான், இடம் மட்டும் அரை மணி நேரம் தள்ளிப்போயிருக்கிறது. நீளத்தை மட்டும் திருத்துகிற எந்த வழியும், தொடக்கத்தை மட்டும் திருத்துகிற எந்த வழியும் ஏன் முழுமையாகாது என்பதற்கு இதுவே காரணம்.

மாறாத அட்டவணை

இதன் நன்மை மனத்தில் நிற்பது. தினமும் வெளியே புறப்படும்போது, ஒரு தொலைபேசி அழைப்பை எடுக்குமுன், ஒரு பத்திரத்தில் கையெழுத்து வைக்குமுன் யாரும் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்க முடியாது. அந்த அளவுக்கு இது போதும் என்பதே எங்கள் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, விளிம்பை ஒட்டி நேரம் வைக்கக்கூடாது. நம் பகுதியில் இந்த அட்டவணையின் எல்லைகள் காலை, மாலை ஓரங்களில் 25 நிமிடம் வரையும், நடுப்பகலில் 17 நிமிடம் வரையும் பிசகும். இரு பக்கமும் 25 நிமிடம் விட்டுவிட்டால் ஆண்டு முழுவதும் தப்பிக்கொள்ளலாம்.

விடாதபோது என்ன நடக்கும் என்பதற்கு வியாழக்கிழமை காலையை எடுங்கள். எமகண்டம் 6.00 முதல் 7.30 என்று அட்டவணை சொல்கிறது. பெப்ரவரியில் 7.35க்குப் புறப்பட்டால் எமகண்டம் கழிந்தது என்று நினைப்போம். 2026 பெப்ரவரி 12இல் அது 6.22க்குத் தொடங்கி 7.51க்குத்தான் முடிகிறது. அதாவது 6.00 முதல் 6.22 வரை தேவையில்லாமல் காத்திருந்து, தவிர்க்க நினைத்த நேரத்திலேயே படலையைத் தாண்டியிருப்போம்.

உதயத்திலிருந்து ஒன்றரை மணியாக எண்ணுவது

இது நடுவழி. "இன்று உதயம் 5.48, அதிலிருந்து ஒன்றரை மணி, ஒன்றரை மணியாகக் கூட்டிக்கொள்" என்பார்கள். கேட்பதற்கு அட்டவணையை விடத் திருத்தமாகத் தோன்றும். காலைப் பங்குகளுக்கு ஓரளவு நல்லதுதான். மாலைக்கு இது சில மாதங்களில் அட்டவணையை விட மோசமாகிவிடுகிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இராகு காலம் கடைசிப் பங்கு. 2026 ஜூன் 21 ஞாயிறு. மட்டக்களப்பில் உதயம் 5.48, அத்தமனம் 6.22. உதயத்திலிருந்து ஏழு ஒன்றரை மணியைக் கூட்டினால் 4.18 வரும், முடிவு 5.48. ஆனால் அன்று சூரியன் 6.22 வரை வானில் நிற்கிறது. எட்டாவது பங்கு முடிந்தபின்னும் 34 நிமிடப் பகல் யாருக்கும் சொந்தமில்லாமல் மிஞ்சுகிறது! ஒவ்வொரு பங்கிலும் விடுபட்ட நான்கு நிமிடம் எட்டு முறை சேர்ந்து இப்படி ஆகிவிட்டது. அத்தமனத்தில் எட்டுப் பங்கும் முடிய வேண்டும் என்ற அடிப்படையே குலைந்துவிடுகிறது. அந்த நாளுக்கும் நவம்பர் 8 ஞாயிறுக்கும் எல்லா வழிகளையும் பக்கத்தில் வைத்தால் இப்படி வரும்:

| வழி | ஜூன் 21 | நவம்பர் 8 |
|---|---|---|
| மாறாத அட்டவணை | 4.30 – 6.00 | 4.30 – 6.00 |
| உதயம் + ஒன்றரை மணிகள் | 4.18 – 5.48 | 4.23 – 5.53 |
| மட்டக்களப்புப் பகலை எட்டாகப் பிரித்தது | 4.48 – 6.22 | 4.13 – 5.41 |
| யாழ்ப்பாணத்துக்குக் கணித்தது | 4.57 – 6.32 | 4.18 – 5.46 |
| சென்னைக்குக் கணித்தது | 5.01 – 6.38 | 4.14 – 5.41 |

ஜூன் மாதத்தில் நடுவழி சரியான தொடக்கத்திலிருந்து அரை மணி பிசகுகிறது, அட்டவணையோ 18 நிமிடந்தான். பாதித் திருத்தம் திருத்தாததை விடக் கெடுதல் செய்யும் இடம் இது. இந்த வழியைப் பயன்படுத்தவே வேண்டாம் என்பது எங்கள் முடிவு. உதயத்தைத் தேடி எடுக்கிறவர், அதே வரியில் பக்கத்தில் இருக்கும் அத்தமனத்தையும் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

எட்டாகப் பிரிப்பது: ஒரு நாளை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

2026 பெப்ரவரி 11 புதனையே எடுப்போம். உதயம் காலை 6.22, அத்தமனம் மாலை 6.13. முதலில் மாலை நேரத்தை 24 மணிக் கணக்குக்கு மாற்றுங்கள், 18.13. இரண்டையும் நிமிடமாக்குங்கள். 6 × 60 + 22 = 382. 18 × 60 + 13 = 1093. கழித்தால் 711 நிமிடம், இது அன்றைய பகல். எட்டால் பிரித்தால் 88.875, ஒரு பங்கு ஏறத்தாழ 88 நிமிடம் 52 செக்கன்.

புதனுக்கு இராகு 5ஆம் பங்கு. அது தொடங்குமுன் நான்கு பங்கு கழிந்திருக்க வேண்டும். 4 × 88.875 = 355.5. உதயத்தோடு கூட்டினால் 382 + 355.5 = 737.5, அதாவது 12.17½. முடிவுக்கு இன்னொரு 88.875ஐக் கூட்டினால் 826.4, அதாவது 1.46. எமகண்டம் புதனுக்கு 2ஆம் பங்கு, 7.51 முதல் 9.20 வரை. குளிகை 4ஆம் பங்கு, 10.49 முதல் 12.17 வரை.

பங்கை எண்ணும்போது அதிகம் நடக்கும் பிழை, 5ஆம் பங்கு என்பதற்காக ஐந்து பங்கைக் கூட்டிவிடுவது. அப்படிச் செய்தால் வருவது முடிவு நேரம், தொடக்கம் அல்ல. எப்போதும் ஒன்றைக் குறைத்துப் பெருக்குங்கள். கைபேசியின் விரிதாளில் போடுகிறவர்கள் B2இல் உதயம், C2இல் அத்தமனம், D2இல் பங்கின் எண் வைத்துத் தொடக்கத்தையும் முடிவையும் இப்படி எடுக்கலாம்:

```
=B2+(D2-1)*(C2-B2)/8
=B2+D2*(C2-B2)/8
```

அத்தமனத்தை 18:13 என்று கொடுங்கள். 6:13 என்று கொடுத்தால் விடை உதயத்துக்கும் முந்திய நேரமாக வரும்.

கையால் கணக்குப் போடுகிறவர்கள் வழுக்கும் இடம் வேறு. பகல் 11 மணி 51 நிமிடம் என்று கண்டவுடன் கணிப்பானில் 11.51 ÷ 8 என்று தட்டுகிறார்கள். 1.43875 வரும். அதை ஒரு மணி 44 நிமிடம் என்று படித்துவிட்டால் ஒரு பங்குக்குக் கால் மணி நேரம் கூடிவிடும். ஐந்தாம் பங்குக்கு வரும்போது ஒரு மணி நேரம் தள்ளிப்போயிருக்கும். நிமிடத்துக்கு 60, தசமத்துக்கு 100 என்பது கணிப்பானுக்குத் தெரியாது. பிழையைக் கண்டுபிடிக்க ஒரு எளிய எல்லை இருக்கிறது. நம் இரண்டு மாவட்டங்களிலும் ஒரு பங்கு 87 நிமிடத்துக்குக் குறையாது, 95 நிமிடத்துக்குக் கூடாது. உங்கள் விடை அதற்கு வெளியே விழுந்தால் உடனே நிறுத்தித் திரும்பப் போடுங்கள்.

பஞ்சாங்கத்தில் உதயம் மட்டும் இருந்து அத்தமனம் இல்லையென்றால் "அகசு" என்ற நிரலைப் பாருங்கள். அதுதான் பகலின் நீளம், நாழிகையிலும் விநாடியிலும் கொடுத்திருப்பார்கள். அந்தக் கணக்கில் ஒரு நாழிகைக்கு 60 விநாடி, விநாடி ஒன்று நம் மணிக்கூட்டில் 24 செக்கன். அதே பெப்ரவரி நாளின் பகல் 29 நாழிகை 37½ விநாடி வரும். எட்டால் பிரித்தால் 3 நாழிகை 42.2 விநாடி. இதை 24ஆல் பெருக்கினால் அதே 88.9 நிமிடம் கிடைக்கிறது.

எந்த உதயத்தை எடுப்பது

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் உள்ளே போடும் உதயம் வேறு ஊருக்குரியது என்றால் விடையும் வேறு ஊருக்குரியதே. பத்திரிகையில் வரும் உதயம் அத்தமனம் பொதுவாகக் கொழும்புக்கானது. கொழும்பு நமக்கு மேற்கே இருப்பதால் அங்கே சூரியன் பிந்தி வரும். இரண்டிலிருந்தும் 7 நிமிடம் கழித்தால் மட்டக்களப்பு நேரம் கிட்டத்தட்ட வந்துவிடும். காலத்துக்குக் காலம் இது 6 முதல் 9 நிமிடம் வரை ஆடும், ஆனால் 7 என்று வைத்தால் பிசகு இரண்டு நிமிடத்தைத் தாண்டாது.

யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இப்படி ஒரே எண்ணைக் கழிக்க முடியாது. அவை மேற்கே மட்டுமல்ல, வடக்கேயும் இருக்கின்றன. வடக்கே போகப் போக ஜூனில் பகல் நீளும், டிசம்பரில் குறுகும். யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால் ஜூனில் நம் உதயம் 3 நிமிடந்தான் முந்தும், அத்தமனம் 10 நிமிடம் முந்தும். டிசம்பரில் இது அப்படியே தலைகீழ், உதயம் 10, அத்தமனம் 3. மேலே உள்ள அட்டவணையில் சென்னை வரியை இன்னொரு முறை பாருங்கள். நவம்பர் 8இல் அது நமக்குரியதோடு ஒரு நிமிடத்துக்குள் ஒத்துப்போகிறது. ஜூனில் 13 முதல் 16 நிமிடம் விலகுகிறது. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தை அல்லது செயலியை ஒரு நாள் சோதித்துவிட்டு "நமக்கும் சரியாகத்தான் வருகிறது" என்று ஆண்டு முழுவதும் நம்பியிருப்பவர்கள் பெரும்பாலும் இப்படி ஒரு நாளில்தான் சோதித்திருப்பார்கள். சோதிப்பதென்றால் ஜூனில் ஒரு ஞாயிறு மாலையையும் டிசம்பரில் ஒரு வியாழன் காலையையும் சோதியுங்கள். விளிம்புப் பங்குகளில்தான் வேறுபாடு வெளிப்படும்.

மாவட்டங்களுக்குள்ளே கவலை தேவையில்லை. வாகரையிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் வரை ஒரே கணக்கைப் பயன்படுத்தினாலும் இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அம்பாறை நகரின் நெடுங்கோடு மட்டக்களப்பினதோடு கிட்டத்தட்ட ஒன்றே.

கண்ணால் பார்த்து உதயத்தை எடுப்பது எழுவான்கரைக்குச் சரிவரும். கல்லடியிலோ பாசிக்குடாவிலோ கடல் விளிம்பில் சூரியனின் மேல் ஓரம் தலைகாட்டும் நொடிதான் மணிக்கூட்டில் குறிக்க வேண்டிய நேரம். அத்தமனத்தைக் கண்ணால் எடுக்க வேண்டாம். நமக்கு மேற்கே மரங்களும், அம்பாறைப் பக்கம் குன்றுகளும் நிற்பதால் சூரியன் உண்மையில் படுவதற்குப் பல நிமிடம் முன்பே மறைந்துவிடும்.

இங்கே ஒரு மரபு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். பத்திரிகையும் வானிலைக் கணக்கும் சூரியனின் மேல் ஓரம் தெரிவதை உதயம் என்கின்றன. காற்று ஒளியை வளைப்பதையும் அவை சேர்த்துக்கொள்கின்றன. சூரிய வட்டத்தின் நடுப்புள்ளி அடிவானத்துக்கு வருவதையே உதயமாகக் கொள்ளும் மரபும் உண்டு. நம் ஊரில் இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ மூன்றரை நிமிடம். உதயம் அந்த அளவு பிந்தும், அத்தமனம் அந்த அளவு முந்தும். இரண்டும் எதிரெதிராக நகர்வதால் பகலின் நடு அசையாது. ஆகவே புதன்கிழமை இராகு தொடங்கும் நேரம் எந்த மரபிலும் ஒன்றே. விளிம்புப் பங்குகளான வியாழன் எமகண்டம், சனி குளிகை, ஞாயிறு இராகு ஆகியவற்றில்தான் மூன்று நிமிடம் தெரியும். எந்த மரபை எடுத்தாலும் அதில் நிலையாக நில்லுங்கள். உதயத்தை ஒரு மரபிலும் அத்தமனத்தை இன்னொரு மரபிலும் எடுத்தால் நடுவும் நகர்ந்துவிடும்.

செயலி

இடம் சரியாக அமைந்திருந்தால் செயலி எட்டாகப் பிரிப்பதையே உங்களுக்காகச் செய்கிறது, அதைவிட வசதி வேறில்லை. ஆனால் பல செயலிகள் இடம் கேட்காவிட்டால் சென்னையிலோ வேறு இந்திய நகரத்திலோ நின்றுவிடும். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் மணிக்கூடு ஒன்றாக இருப்பதால் பிழை கண்ணில் படாது. நேர வலயம் வேறாக இருந்திருந்தால் உடனே பிடித்திருப்போம்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஏதாவது ஒரு புதன்கிழமையின் இராகு தொடக்கத்தைச் செயலியில் பாருங்கள். அது அன்றைய உச்சிப்பொழுது. முற்றத்தில் தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்ட ஒரு கம்பின் நிழல், அந்த நேரத்தில் சரியாக வடக்குத் தெற்காக, அன்றைய நாளின் மிகக் குறுகிய நிழலாக விழ வேண்டும். செயலி சென்னையில் நின்றிருந்தால் அது சொல்லும் நேரம் ஆறு நிமிடம் பிந்தும். குறுகிய நிழலின் நொடியைக் கண்ணால் பிடிப்பது கடினம். அதனால் காலை 10 மணியளவில் நிழலின் நுனியைக் குறித்து, கம்பைச் சுற்றி அந்த நீளத்துக்கு ஒரு வட்டம் கீறி, பிற்பகலில் நிழல் மறுபடி அந்த வட்டத்தைத் தொடும் நேரத்தைப் பாருங்கள். இரண்டு நேரத்துக்கும் நடுதான் உச்சி. ஏப்ரல் 9, 10 வாக்கிலும் செப்டெம்பர் 2, 3 வாக்கிலும் இதைச் செய்தால் இன்னொன்றும் தெரியும். அந்த நாட்களில் உச்சியில் கம்புக்கு நிழலே இராது, சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும்.

எதை எதற்கு எடுப்பது

அன்றாடப் புறப்பாட்டுக்கு, விளிம்பில் 25 நிமிடம் விடுவதென்றால் பழைய அட்டவணையே போதும். நிலை வைத்தல், குடிபுகல், தாலி கட்டு, மாரிப் போக விதைப்பின் முதற் பிடி போன்ற, நேரம் குறித்துச் செய்யும் எதற்கும் மட்டக்களப்பு உதய அத்தமனத்தை எடுத்து எட்டாகப் பிரியுங்கள். ஐந்து நிமிட வேலை. நாள் வைத்துத் தருகிறவர் நேரத்தைச் சொல்லும்போது, அது எந்த ஊர்ப் பஞ்சாங்கத்தின்படி என்று கேட்டுக்கொள்வதில் தவறேதுமில்லை. சுபநேரம் ஒரு பங்கின் எல்லையில் முடிகிறதென்றால் கடைசி மூன்று நிமிடத்தை விட்டுவிட்டு வேலையை முடிக்கப் பாருங்கள். மேலே சொன்ன மரபு வேறுபாடு அதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பிறந்த நேரத்தை வைத்து மாந்தியையோ குளிகையையோ பார்க்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 1996 மே மாதம் இலங்கை மணிக்கூடு ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அதில் அரை மணி குறைக்கப்பட்டு, 2006 ஏப்ரல் நடு வரை மணிக்கூடு இப்போதையதை விட அரை மணி முன்னே ஓடியது. 1996 மே முதல் ஒக்டோபர் வரையுள்ள பிறப்பு நேரத்திலிருந்து ஒரு மணியையும், அதன் பின் 2006 ஏப்ரல் நடு வரையுள்ளதிலிருந்து அரை மணியையும் கழித்தபிறகே இன்றைய உதயக் கணக்கோடு சேர்க்க வேண்டும். 2001 பெப்ரவரி 9 வெள்ளிக்கிழமை காலை 8.05க்குப் பிறந்த குழந்தையை எடுங்கள். வெள்ளிக்கு குளிகை 2ஆம் பங்கு, இன்றைய மணிக்கூட்டில் அது 7.51க்குத் தொடங்கும். கழிக்காமல் பார்த்தால் குழந்தை குளிகையில் பிறந்ததாக வரும். கழித்தால் 7.35, இன்னும் முதற் பங்கு முடியவில்லை. ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. படுவான்கரையில் வீட்டில் பிறந்த ஒருவரின் நேரத்தைக் குறித்து வைத்திருந்தால், அது அரசாங்க நேரமா பழைய நேரமா என்று குறித்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, பதிலை ஓலையின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.